11.48 மீட்டரை எழுத மறந்த கடிதம்

கோடை விடுமுறையில் கல்லூரி அலுவலகத்துக்கு வரும் தபால்களில் ஒரு கட்டு என் மேசைக்கு வரும். அதில் பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டு மாணவர்கள் எழுதும் கடிதங்கள்தான் இருக்கும். நான் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநர். எங்கள் கல்லூரியில் விளையாட்டுப் பிரிவுக்குப் பாடவாரியாக ஓரிரு இடங்களே உண்டு. கடிதம், சான்றிதழ், டிரையல்ஸ் ஆகிய மூன்றையும் பார்த்து ஒரு குழு பட்டியல் போடும். அந்தக் குழுவில் நானும் ஒருவன்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் நடைமுறை வேறு. அங்கே இணையத்தில் விண்ணப்பிக்கும்போதே சிறப்புப் பிரிவு என்று குறித்துவிட வேண்டும். பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே அந்தப் பிரிவினரை அழைத்து இடம் தருவார்கள், தனியாக எழுதும் கடிதத்துக்கு அங்கே வேலை இல்லை. எங்களைப் போலத் தாங்களே சேர்க்கை நடத்தும் கல்லூரிகளில்தான் கடிதம் பேசும். அப்படி வந்து ஒதுக்கி வைக்கப்பட்டு, திருத்தி எழுதிய பிறகு உள்ளே வந்த ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். மாணவியின் பெயரும் ஊரும் வேண்டாம்.

முதல் கடிதம்

பிளஸ் டூ முடிவு வந்த மூன்றாம் நாள் வந்தது. வெள்ளைத் தாளில் கையால் எழுதியிருந்தாள்.

“மதிப்பிற்குரிய முதல்வர் அய்யா அவர்களுக்கு வணக்கம். நான் மாநில அளவில் வெள்ளிப் பதக்கம் வென்ற தடகள வீராங்கனை. சிறு வயது முதலே விளையாட்டில் மிகுந்த ஆர்வம் கொண்டவள். என் தந்தை கட்டிட வேலை செய்கிறார். மிகவும் ஏழ்மையான குடும்பம். எனக்குத் தங்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு பாடப்பிரிவில் இடமும், விடுதியும், கட்டணச் சலுகையும் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் கிடைத்தால் கல்லூரிக்குப் பெருமை சேர்ப்பேன். என் சான்றிதழ்களை இணைத்துள்ளேன்.”

பதினான்கு சான்றிதழ்களின் நகல்கள் கூடவே இருந்தன. குறுவட்டம், வருவாய் மாவட்டம், தனியார் பள்ளி நடத்திய போட்டி, யோகா தினம், மாரத்தான் என எல்லாம் கலந்து கிடந்தன. மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒன்பதாவதாக இருந்தது.

அலுவலக எழுத்தர் “மாநில வீராங்கனை” என்று படித்ததுமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் மாநில வீரர் என்றால் தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றுத் தேசியப் போட்டிக்குப் போனவர் என்று அர்த்தம். அப்படிப் போனவரிடம் அதற்கான தாள் இருக்கும். தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலத்துக்காக ஆடியவருக்குக் கல்வித் துறை தருவது படிவம் 4. விளையாட்டுச் சங்கம் வழியாகப் போனவருக்கு மாநிலச் சங்கம் தருவது படிவம் 2. அவர் கட்டைப் புரட்டிப் பார்த்தார். இரண்டுமே இல்லை. “ஆவணம் முழுமையாக இல்லை” என்று பென்சிலால் எழுதி ஓரமாக வைத்துவிட்டார்.

அவர்மேல் தப்பே சொல்ல முடியாது. “மாநில அளவில் பதக்கம்” என்பதும் “மாநிலத்துக்காக” என்பதும் வேறு வேறு. முதலாவதில் நீங்கள் உங்கள் மாவட்டத்துக்காகப் போய் மற்ற மாவட்டங்களோடு மோதுகிறீர்கள், இரண்டாவதில் தமிழ்நாட்டுக்காகப் போய் மற்ற மாநிலங்களோடு மோதுகிறீர்கள். ஒதுக்கீட்டு விதிகளில் இரண்டுக்கும் தனித்தனிப் படி. எங்கள் கல்லூரியில் மாநிலப் பதக்கம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம், ஆனால் தேசியப் போட்டியில் கலந்துகொண்டவருக்குக் கீழேதான் அது வரும். சில இடங்களில் மாநிலப் பதக்கத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின தடகளப் போட்டியில், 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றவள். எந்தப் போட்டி, எந்தப் பிரிவு, எந்த ஆட்டம் என்பதை மட்டும் எழுதவில்லை. ஒன்பதாவது தாள்வரை புரட்டிப் பார்க்காமல் அவள் என்ன ஆட்டக்காரி என்றுகூடத் தெரிந்திருக்காது.

எனக்கு அந்தக் கட்டு வந்தது ஒரு தற்செயல். ஒதுக்கிய கடிதங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவது என் வழக்கம். மாநிலச் சான்றிதழில் “மும்முறைத் தாண்டுதல், இரண்டாமிடம்” என்று இருந்தது. எவ்வளவு தாண்டினாள் என்று இல்லை.

ஏன் தூரம் வேண்டும்

பதக்கத்தின் நிறம் கூட வந்தவர்களைப் பொறுத்தது. ஒரு வருடம் நல்ல தாண்டுநர்கள் ஐந்து பேர் ஒரே பிரிவில் வந்துவிடுவார்கள், அப்போது நான்காம் இடம்கூடப் பெரிய விஷயம். இன்னொரு வருடம் களம் காலியாக இருக்கும். தூரம் அப்படி இல்லை. அதை யாரோடும் எந்த வருடத்தோடும் ஒப்பிடலாம். மும்முறைத் தாண்டுதலில் இந்தியப் பெண்களின் சாதனை 14.11 மீட்டர், 2011இல் மயூகா ஜானி தாண்டியது. ஆண்களில் நம் தமிழ்நாட்டுப் பையன் பிரவீன் சித்திரவேல் 2023இல் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டினார். இந்த அளவுகளோடு ஒரு பள்ளி மாணவியை ஒப்பிட நான் உட்காரவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெண் வந்தால் எங்கள் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எந்த இடத்துக்கு வருவாள்? அதற்கு முந்தைய ஆண்டு அங்கே மூன்றாம் இடம் 11.20இல் கிடைத்தது என் நோட்டில் இருந்தது. இவளுடைய தூரம் தெரிந்தால் பதில் உடனே கிடைத்துவிடும்.

கடிதத்தில் அலைபேசி எண் இருந்தது. அப்பா எடுத்தார், அவளிடம் கொடுத்தார்.

“ஏம்மா, ஸ்டேட்ல எவ்வளவு தாண்டினே?”

“11.48 சார்.”

“அதை ஏன் எழுதலை?”

“பதக்கம்தான் சார் கேப்பாங்கன்னு நினைச்சேன்.”

“நேஷனல்ஸ் போகலையா?”

“பிராக்டிகல் நேரம் சார். வீட்டில் அனுப்பலை.”

கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. முதல் கடிதம் பதிவேட்டில் ஏறியிருந்ததால் விடுபட்டதைச் சேர்த்து மறுபடி அனுப்பலாம் என்றேன். என்னென்ன வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எப்படி எழுதுவது என்று நான் சொல்லவில்லை, குழுவில் இருப்பவன் அதைச் செய்யக் கூடாது. பள்ளியில் உனக்குப் பயிற்சி கொடுத்த உடற்கல்வி ஆசிரியையைப் போய்ப் பார் என்று மட்டும் சொன்னேன். அந்த டீச்சர் விவரம் தெரிந்தவர் என்பது இரண்டாம் கடிதத்தைப் பார்த்தபோது புரிந்தது.

இரண்டாம் கடிதம்

“பொருள்: விளையாட்டு ஒதுக்கீடு – தடகளம், மும்முறைத் தாண்டுதல் (பெண்கள்) – இளநிலைச் சேர்க்கை வேண்டுதல்.

அய்யா, வணக்கம். பள்ளிக் கல்வித் துறையின் மாநில அளவிலான குடியரசு தின தடகளப் போட்டியில், 19 வயதுக்குட்பட்ட மாணவியர் மும்முறைத் தாண்டுதலில் என் மாவட்டத்தின் சார்பாகக் கலந்துகொண்டு 11.48 மீட்டர் தாண்டி இரண்டாமிடம் பெற்றேன். மொத்தம் 27 பேர் கலந்துகொண்டனர். என் ஆறு வாய்ப்புகளும் உள்ள முடிவுத் தாளின் நகலை இணைத்துள்ளேன். நீளம் தாண்டுதலில் என் சிறந்த தூரம் 5.14 மீட்டர், இது வருவாய் மாவட்டப் போட்டியில் தாண்டியது. தேசியப் போட்டியில் நான் கலந்துகொள்ளவில்லை.

வணிகவியல், பொருளியல், வரலாறு ஆகிய பாடங்களை இந்த வரிசையில் வேண்டுகிறேன். பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்துள்ளேன்.

மாநிலச் சான்றிதழில் என் பெயரில் ஆங்கில ‘எச்’ எழுத்து ஒன்று கூடுதலாக உள்ளது. இருவரும் ஒருவரே என்று தலைமையாசிரியர் தந்த கடிதம் இணைப்பில் உள்ளது.

நான் இதுவரை மண் ஓடுபாதையில் மட்டுமே பயிற்சி செய்துள்ளேன். டிரையல்ஸில் எனக்கு 9 மீட்டர் டேக்-ஆஃப் தேவைப்படும். தங்கள் மைதானத்தில் அது உண்டா என அறிய விரும்புகிறேன். என் ரன்-அப் 28 மீட்டர்.

விடுதி, கட்டணம் பற்றி இடம் கிடைத்த பின் தனியாக விண்ணப்பிக்கிறேன்.”

இணைப்புகள் ஆறுதான். மாநிலச் சான்றிதழ் முதலில், முடிவுத் தாள் அடுத்து, பிறகு வருவாய் மாவட்டச் சான்றிதழ், தலைமையாசிரியர் கடிதம், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ். யோகா தினமும் மாரத்தானும் போய்விட்டன.

குழு எதைப் பார்த்தது

முடிவுத் தாளைத்தான் நான் முதலில் எடுத்தேன். 11.02, ஃபவுல், 11.31, 11.48, ஃபவுல், 11.29. இந்த ஆறும் ஒரு பெண்ணைப் பற்றி நிறையச் சொல்கின்றன. முதல் மூன்று வாய்ப்பு முடிந்ததும் முதல் எட்டுப் பேருக்குத்தான் அடுத்த மூன்று கிடைக்கும். இவள் மூன்றாவதில் 11.31 போட்டு உள்ளே வந்து, நான்காவதில் தன் சிறந்ததைத் தாண்டியிருக்கிறாள். செல்லுபடியான நான்குமே 11 மீட்டருக்கு மேல். ஆக 11.48 ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்த ஒற்றைத் தாண்டல் இல்லை. இரண்டு ஃபவுல் இருக்கிறது, ரன்-அப் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. அது பயிற்சியில் சரிசெய்யக்கூடியது. 5.14 நீளம் தாண்டுதலும் கணக்குக்கு ஒத்து வருகிறது. 11.48 தாண்டுகிறவள் நீளத்தில் ஐந்து மீட்டரைக் கடக்கவே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

“தேசியப் போட்டியில் நான் கலந்துகொள்ளவில்லை” என்ற வரியை யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் குறைத்துவிடுவார்களோ என்ற பயம். உண்மையில் அந்த ஒரு வரிதான் எழுத்தரின் பென்சில் குறிப்பை அடித்தது. இல்லாத படிவத்தைத் தேடும் வேலை இல்லாமல் போய்விட்டது. எந்தப் படியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள், அந்தப் படியில் வைத்துப் பார்த்தோம்.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். போட்டி நடக்கும் இடத்தில் அவசர அவசரமாகச் சான்றிதழ் எழுதுவார்கள். இனிஷியல் முன்னே போகும், பின்னே வரும், எழுத்து ஒன்று கூடும். நாங்கள் சான்றிதழைச் சரிபார்க்க, வழங்கிய அலுவலகத்துக்கு எழுதும்போது அங்கே உள்ள பதிவும் அந்தத் தப்பான பெயரில்தான் இருக்கும். கண்டுபிடித்தபின் விளக்கம் கேட்டால் ஒரு வாரம் போய்விடும், அதற்குள் பட்டியல் வந்துவிடும். இவள் தானே முந்திக்கொண்டாள்.

பாட வரிசையும் அப்படித்தான். “ஏதாவது ஒரு பாடம்” என்று எழுதினால் பணிவாக இருக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இடம் பாடவாரியாகத்தான் இருக்கிறது, யாருடைய பெயரை எந்தப் பாடத்தில் எழுதுவது என்று குழு ஊகிக்க முடியாது. அதோடு விளையாட்டு ஒதுக்கீடு மதிப்பெண் போட்டியிலிருந்து விலக்குத் தருமே தவிர, பாடத் தகுதியிலிருந்து தராது. கணிதம் படிக்காதவருக்குக் கணிதத்தில் இடம் இல்லை, எத்தனை பதக்கம் இருந்தாலும்.

ஏழ்மை பற்றிய வரி இரண்டாம் கடிதத்தில் இல்லை. படித்தபோது எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது, ஏனென்றால் அது உண்மையான வரி. ஆனால் விளையாட்டுக் குழுவின் மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. கட்டணச் சலுகைக்கு வேறு விண்ணப்பம், வேறு குழு, வேறு தேதி. ஒரே கடிதத்தில் மூன்றையும் கேட்டால் அது மூன்று மேசைக்கும் போக வேண்டும், ஒரு மேசையில் தங்கிவிட்டால் மற்ற இரண்டுக்கும் போகாது. அதற்குப் பதிலாக “மண் ஓடுபாதையில் மட்டுமே” என்று எழுதியிருந்தாள். அந்த வரிக்கு என்னிடம் கட்டம் உண்டு. செயற்கை ஓடுபாதையில் ஆணி ஷூ பிடித்து ஓடுபவருக்குக் கடைசி ஐந்தாறு அடிகளில் கிடைக்கும் வேகம் மண்ணில் கிடைக்காது. மண்ணில் பழகி 11.48 போட்டவளுக்கு இன்னும் தாண்ட இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

9 மீட்டர்

குழுவில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது 9 மீட்டர் பற்றிய கேள்விதான்.

மும்முறைத் தாண்டுதலில் கால் வைத்து எழும் பலகை மணல் குழியிலிருந்து தள்ளி இருக்கும். பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு 13 மீட்டர், பெண்களுக்கு 11 மீட்டர். எங்கள் மைதானத்தில் இந்த இரண்டு பலகைகள்தான் பதித்திருந்தோம். 11.48 தாண்டும் பெண் 11 மீட்டர் பலகையிலிருந்து எழுந்தால், எல்லாம் சரியாக அமைந்தாலும் குழிக்குள் 48 சென்டிமீட்டர்தான் வருவாள். கொஞ்சம் தடுமாறினால் மணலில் விழ மாட்டாள், கெட்டித் தரையின் விளிம்பில் விழுவாள். கணுக்கால் போய்விடும், இடுப்பும் அடி வாங்கும். பயத்தில் சுருக்கித் தாண்டினால் தூரமும் போய்விடும். இதை அவள் முன்கூட்டியே யோசித்துக் கேட்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை எங்கள் டிரையல்ஸில் பெண்களுக்கு 11 மீட்டர் பலகையைத்தான் கொடுத்து வந்தோம். முந்தைய வருடங்களில் வந்த பெண்கள் ஏன் சுருங்கித் தாண்டினார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அது என் தவறு.

டிரையல்ஸுக்கு முதல் நாள் மாலை குழியின் விளிம்பிலிருந்து 9 மீட்டர் அளந்து சுண்ணாம்பில் 20 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கோடு போட்டோம். பலகைக்கும் அதே அகலம்தான்.

காலை ஏழு மணிக்கு அப்பாவோடு வந்தாள். மூன்று வாய்ப்பு: ஃபவுல், 11.05, 11.21. மாநிலப் போட்டியைவிட 27 சென்டிமீட்டர் குறைவு. குழுவில் ஒருவர் அதைக் கேள்வியாக எழுப்பினார். தேர்வுக்காக இரண்டு மாதம் மைதானத்தையே பார்க்காதவளுக்கு, புது மண்ணில், மூன்றே வாய்ப்பில் இது இயல்பான சரிவு. சான்றிதழில் சந்தேகம் வருவது வேறு மாதிரியான இடைவெளியில். 11.48 என்று எழுதியவர் 9.60 தாண்டினால், காயம் ஏதும் இல்லாத பட்சத்தில், அந்தத் தாளை நான் மறுபடி எடுத்துப் பார்ப்பேன். அதே நாள் வந்த இன்னொரு பையனிடம் தங்கப் பதக்கச் சான்றிதழ் மூன்று இருந்தன. மூன்றும் கேட்டே இராத ஒரு கூட்டமைப்பு வழங்கியவை, கட்டணம் கட்டிப் போன போட்டி. நல்ல ஓட்டக்காரன்தான், ஆனால் அந்தத் தாள்களுக்கு மதிப்பெண் போட வழியே இல்லை. அவன் பள்ளிப் போட்டிகளில் ஓடி வாங்கிய சான்றிதழ்களை “சின்னது” என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். மறுநாள் கொண்டுவரச் சொன்னோம், அன்றோடு தேதி முடிந்திருந்தது.

தடகளத்தில் பெண்களுக்கு மூன்று இடம். தேசியப் போட்டிக்குப் போய்வந்த இருவர் மேலே இருந்தார்கள், 400 மீட்டரில் ஒருத்தி, ஈட்டி எறிதலில் ஒருத்தி. இவள் மூன்றாவது. வணிகவியல் இடத்தை முதலாமவள் எடுத்துக்கொண்டதால் இவளுக்குப் பொருளியல் கிடைத்தது. இரண்டாவது விருப்பம் என்று அவளே எழுதியிருந்ததால் யாரும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சேர்க்கை நாளில் கல்லூரிக்காக விளையாடுவதாக உறுதிமொழிக் கடிதத்தில் அவளும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். விடுதிக்கும் கட்டணத்துக்கும் அடுத்த வாரம் தனி விண்ணப்பம் கொடுத்தாள். விடுதிக் கட்டணத்தில் பாதி குறைந்தது, முழுதும் கிடைக்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் இப்போது இரண்டு வரி கூடியிருக்கிறது. ஒன்று, “சிறந்த தூரம் / நேரம், எந்தப் போட்டியில்.” இன்னொன்று, “யார் சார்பாகக் கலந்துகொண்டீர்கள்: பள்ளி, மாவட்டம், மாநிலம்.” சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்தில் ஜூலையில் பலகை பதித்துவிட்டோம்.